பெயல்நீரா, நீர்த்துளியா?

குறுந்தொகையின் 40ஆம் பாடலான ‘யாயும் ஞாயும் யாராகியரோ’வுக்கு வகுப்பில் துணையாக வைக்கத் தோதான திரைப்பாட்டு, 1997இல் வந்த ‘இருவர்’ படத்தில் வைரமுத்து எழுதிய ‘நறுமுகையே’. அதன் சரணத்தில் குறுந்தொகை வரிகள் வெளிப்படையாகவே வருகின்றன. எதை எடுத்தார், எதை விட்டார் என்று பார்த்தாலே ஒரு பாடவேளை ஓடிவிடும்.

உவமையிலிருந்து தொடங்கலாம். சங்கப் பாடலில் ‘செம்புலப் பெயல்நீர்’, அதாவது செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர். திரைப்பாட்டில் ‘செம்புலம் சேர்ந்த நீர்த்துளி’. கொங்கு நாட்டுப் பள்ளி என்றால் இதற்குப் படம் வரைய வேண்டியதில்லை. பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு கை செம்மண் போதும். காய்ந்த மண்ணில் ஒரு துளி விட்டால், மண் அதைக் குடித்துவிடும். கருத்த புள்ளி மட்டும் மிஞ்சும். அதே மண்ணை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கினால், நீர் முழுதும் செந்நிறமாகிவிடும். முதலாவதில் ஒன்று மற்றொன்றுக்குள் மறைகிறது. இரண்டாவதில் இரண்டும் இருக்கின்றன, பிரிக்கத்தான் முடியாது. ‘தாம் கலந்தனவே’ என்று முடியும் பாடலுக்கு மழைநீர்தான் பொருந்துகிறது. துளி அழகுதான், ஆனால் கொஞ்சம் மெலிந்த அழகு.

அமைப்பில் வேறுபாடு இன்னும் பெரிது. ஐந்தடிப் பாடலில் முதல் மூன்று அடிகளும் கேள்விகள்: உன் தாயும் என் தாயும் யார், நம் தந்தையர் எந்த முறையில் உறவு, நானும் நீயும் எப்படி அறிந்தோம். பிறகு கேள்வி நின்றுவிடுகிறது. உவமையே விடையாக வருகிறது. திரைப்பாட்டிலோ ‘என்ன’ என்ற முடிவு அடிக்கு அடி திரும்புகிறது. ‘கலந்ததென்ன’ என்று உவமைகூடக் கேள்வியாகிவிடுகிறது, விடை வருவதே இல்லை. தாளில் படிக்கும்போது இந்த ‘என்ன’ சலிப்பூட்டும். ஆகவே ஒருமுறை பாட்டை ஒலிக்கவிட்ட பிறகே தீர்ப்புச் சொல்லவேண்டும்: மெட்டு வந்து இறங்குகிற படி அது.

திரைப்பாட்டு விட்டுவிட்ட அடி ‘எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்’. பெண் பார்க்கப் போனால் ‘எந்தக் கூட்டம்’ என்று குலத்தைக் கேட்கும் வழக்கமும், ஒரே கூட்டத்தார் பங்காளிகள் என்பதால் மணம் செய்யாத வழக்கமும் கொங்கு நாட்டில் உண்டு. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த அடி சட்டென்று உறைக்கும். ஆசிரியர் யாருடைய கூட்டத்தையும் வகுப்பில் கேட்காமல் இருந்தால் போதும்; பேச்சு தானாக வரும்.

எதை முதலில் தருவது? நான் பாட்டைத்தான் தருவேன், ராகம் இல்லாமல் அச்சிட்ட தாளாக. குறுந்தொகையை முன்னால் வைத்தால், பிள்ளைகள் பாட்டில் பிழை தேடும் வேலையில் இறங்கிவிடுகிறார்கள். தாளைக் கொடுத்தாலும் மெட்டோடுதான் வாசிப்பார்கள். நெடில் வழக்கத்தைவிட நீண்டால் கண்டுகொள்ளலாம். அப்போது வரிகளை உரைநடையாகத் தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள். அடி எங்கே முடியவேண்டும் என்று அவர்களே கோடிட்ட பிறகு குறுந்தொகையைக் கொடுக்கலாம்.