ஆறு வருட மோட்டாரும் ஒரு பாட்டில் தண்ணீரும்

என்னிடம் இருக்கும் அதே அரைக் குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டாரை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். “மோட்டார் நல்ல மோட்டார்” என்று சொன்னதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. ஆறு வருடத்தில் அதன் காயில் ஒருமுறைகூடப் புகையவில்லை, பேரிங் சத்தம் போட்டதில்லை. ஆனால் அது எத்தனை காலையில் தண்ணீர் இறங்கிப்போய் வெறுமனே ஓடி என் பொறுமையைச் சோதித்தது என்பதும் எனக்குத்தானே தெரியும்! அதனால் நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மோட்டார் கிணற்று மேட்டில் இருக்கிறது. தண்ணீர் மட்டம் அதற்கு நாலரை மீட்டர் கீழே. மாடித் தொட்டி எட்டு மீட்டர் மேலே. பைப் எல்லாம் ஒரு அங்குலம். சுவிட்சைப் போட்டால் மோட்டார் வழக்கத்தைவிட லேசாக, வேகமாக ஓடும். தொட்டியில் ஒரு சொட்டு விழாது. பம்பின் மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றினால் ஒழுங்காக ஏற்றும். இதுதான் தொல்லை.

இந்த வகைப் பம்ப் காற்றை இழுக்கத் தெரியாதது. உள்ளே சுற்றும் இம்பெல்லர் தண்ணீரை வெளிப்பக்கம் வீசுகிறது. அதனால் நடுவில் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் கிணற்றுத் தண்ணீரை அந்த இடத்துக்குத் தள்ளி ஏற்றுகிறது. உள்ளே காற்று மட்டும் இருந்தால் வீசுவதற்குக் கனமே இல்லை. காற்று தண்ணீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு லேசு. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கீழே இருக்கும் தண்ணீரை ஒரு சாண் உயர்த்தக்கூடப் போதாது. அதனால்தான் நிறுத்தும்போது பைப்பில் இருந்த தண்ணீர் அப்படியே நிற்க வேண்டும் என்று அடியில் ஃபுட் வால்வு வைக்கிறோம். தண்ணீர் மேலே வரும்போது திறந்து, நின்றதும் அதன் ரப்பர் வாய்மேல் உட்கார்ந்து மூடிக்கொள்ளும்.

இரண்டாம் வருடம் முதல்முறை தண்ணீர் இறங்கியது. வால்வைத் தூக்கிப் பார்த்தால் ரப்பருக்கும் வாய்க்கும் நடுவே பொடி மணல். ரப்பரிலும் வரி விழுந்திருந்தது. மாற்றினேன், சரியாகிவிட்டது. அது நியாயமான தேய்மானம். மோட்டார்மேல் குறை இல்லை. அன்று தண்ணீர் ஊற்றி நிரப்பக் கிட்டத்தட்ட நாலு லிட்டர் பிடித்தது. அந்த எண் பின்னால் உதவும் என்று அப்போது தெரியாது.

ஐந்தாம் வருடம் அதே தொல்லை திரும்ப வந்தது. தினமும் ஓட்டினால் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கும். பிளம்பர் வந்தார், மூடியைத் திறந்து பார்த்தார், “ஃபுட் வால்வுதான் சார்” என்றார். மாற்றினோம். ஒரு வாரத்தில் மறுபடி. இன்னொரு வால்வு, இந்தத் தடவை பித்தளையில் கனமானது. மறுபடி! கிணற்றிலிருந்து அந்தப் பைப்பை இரண்டு பேர் சேர்ந்து தூக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. அன்றைக்கு வந்த கோபத்தில் மோட்டாரையே எடுத்து எறிந்திருப்பேன்.

அப்புறம்தான் ஊற்றும் தண்ணீரை அளந்து பார்க்கத் தோன்றியது. ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றினேன். ஒரு பாட்டில்கூட முழுதாகப் பிடிக்கவில்லை, மூடியின் வாய்வரை நிரம்பிவிட்டது.

கணக்கு எளிது. ஒரு அங்குலப் பைப் மீட்டருக்கு அரை லிட்டர் கொள்ளும். தண்ணீருக்கு மேலே நிற்கும் நாலரை மீட்டரும், கிணற்று மேட்டில் படுத்துக்கிடக்கும் ஒன்றரை மீட்டரும் சேர்ந்தால் ஆறு மீட்டர், அதாவது மூன்று லிட்டர். பம்பின் வயிறு ஒரு லிட்டர். ஃபுட் வால்வு ஒழுகினால், கிணற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும் சக்‌ஷன் பைப் முழுதும் கிணற்றுக்குள் இறங்கியிருக்கும், நாலு லிட்டர் கேட்கும். ஒரு லிட்டருக்குள் நிரம்புகிறது என்றால் சக்‌ஷன் பைப் நிரம்பியே நிற்கிறது, வால்வு தன் வேலையைச் செய்கிறது. தண்ணீர் போனது பம்பின் வயிற்றிலிருந்தும் அதற்கு மேலே மாடிக்கு ஏறும் டெலிவரி பைப்பிலிருந்தும்தான். அப்படியானால் ஓட்டை பம்புக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

குனிந்து பார்த்தேன். பம்பின் சக்‌ஷன் வாயில் திருகியிருந்த எம்டிஏ என்ற பிளாஸ்டிக் மரை இணைப்பின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்த ஒரு கோடு. விரலை வைத்தால் ஈரம். மோட்டாரை ஓட்டினால் அந்த ஈரம் காய்ந்துபோகிறது. இங்கேதான் நானும் பிளம்பரும் ஏமாந்தோம். ஓடும்போது அந்த இடத்தில் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. ஓட்டையிலிருந்து தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். நிறுத்தியதும் மேலே எட்டு மீட்டர் டெலிவரி பைப்பில் நிற்கும் தண்ணீர் கீழே அழுத்துகிறது. அப்போது அதே ஓட்டையில் தண்ணீர் கசிகிறது. ஓடும்போது மட்டும் பார்த்தால் சொட்டு தெரியவே தெரியாது.

நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 180 மில்லி. டெலிவரி பைப்பின் நாலு லிட்டர் காலியாக 22 மணி நேரம் ஆகும். தினமும் ஓட்டினால் பம்பின் வயிறு காலியாவதற்குள் மறுபடி நிரம்பிவிடும். ஊருக்குப் போனால் மட்டும் தொல்லை வந்ததன் காரணம் அதுதான்.

உறுதிசெய்ய, மோட்டார் ஓடும்போது அந்த இடத்தில் சோப்பு நுரையைக் கெட்டியாக அப்பினேன். விரிசல் இருந்த இடத்தில் மட்டும் நுரை உள்ளே இழுபட்டுப் பள்ளம் விழுந்தது. தொட்டியில் தண்ணீர் அவ்வப்போது துப்பித் துப்பி விழுந்ததற்கும் இதே காற்றுதான் காரணம். நாலரை மீட்டர் இழுப்பில் உள்ளே போகும் குமிழி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வீங்கும். சின்ன விரிசலும் பெரிதாகக் கெடுக்கும்.

கழற்றிப் பார்த்தபோது மரை முடிகிற இடத்தில் மயிரிழை விரிசல். படுத்திருந்த பைப்புக்கு அடியில் எந்தத் தாங்கலும் இல்லை. அதன் கனமும் மோட்டாரின் அதிர்வும் ஐந்து வருடம் அந்த ஒரே இடத்தை வளைத்திருக்கின்றன. பித்தளை நிப்பிளும் யூனியனும் போட்டு, பைப்புக்கு அடியில் இரண்டு தாங்கல் வைத்து, பம்பை நோக்கி லேசாக ஏறுகிற மாதிரி சரிவு கொடுத்தேன். நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்று தங்கிவிடும். ஐந்து மாதமாகப் பத்து நாள் பூட்டிவைத்துத் திரும்பினாலும் முதல் சுவிட்சிலேயே ஏற்றுகிறது.

ஆனால் வெறுமனே ஓடிய நாட்களுக்கு விலை கொடுத்தாகிவிட்டது. சுற்றும் தண்டின் ஓரமாகத் தண்ணீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் தண்ணீரால்தான் குளிர்கிறது. காய்ந்து ஓடியதில் அது தேய்ந்து, போன மாதம் மாற்றினேன். சீல் தேய்ந்தால் அதுவும் காற்றை உள்ளே விடும். மோட்டார் செய்தவர்கள்மேல் எனக்கு உண்மையான கோபம் ஒன்று உண்டு. தண்ணீர் ஊற்றும் மூடியை இவ்வளவு சிறிதாக, புனல்கூட நிற்காத இடத்தில் ஏன் வைத்தார்கள்? அவசரத்தில் ஊற்றினால் உள்ளே இருக்கும் காற்று வெளியே வர வழியில்லாமல் பாதித் தண்ணீர் மோட்டார்மேலேயே கொட்டுகிறது.

வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். மோட்டாரில் பழுது இல்லை, விரிசல் விட்டது வேறொருவர் திருகிய பிளாஸ்டிக் துண்டு, எல்லாம் தெரியும். இருந்தாலும் என் கிணற்றில் அடுத்து இறங்கப்போவது தண்ணீருக்குள்ளேயே மூழ்கி நிற்கும் மோட்டார்தான். என் பேச்சை மீறி இதையே வாங்கினால் பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டில் வையுங்கள். தண்ணீர் இறங்கினால் எத்தனை பாட்டில் பிடிக்கிறது என்று எண்ணிவிட்டு, அப்புறம் கிணற்றைப் பாருங்கள்.