1,300 சொற்களை 400 ஆக்குவது: மீதிச் செய்முறையை எங்கே வைப்பது?

நெல் திசுக்களில் மரபணு வெளிப்பாட்டைக் கியூபிசிஆர் மூலம் அளந்த எங்கள் கட்டுரையில் செய்முறைப் பகுதி மட்டும் 1,300 சொல். இதழ் 400-க்கு மேல் ஒரு சொல்லும் தராது. இந்த நெருக்கடியில் ஆய்வாளர்கள் பிடிக்கும் வழிகள் பெரும்பாலும் மூன்று: பழைய கட்டுரை ஒன்றைச் சுட்டிவிட்டு நகர்வது, துணைக் கோப்பில் தள்ளுவது, செய்முறையை protocols.io தளத்தில் தனியாக ஏற்றி அதன் டி.ஓ.ஐ. எண்ணைக் கொடுப்பது. நாங்கள் மூன்றாவதை எடுத்தோம்.

எந்த வழியானாலும் முதலில் செய்ய வேண்டிய வெட்டு ஒன்று உண்டு. ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்க ட்ரைசால் பாட்டிலோடு வரும் குறிப்பையே நாம் பாதிப் பத்திக்கு மறுபடி எழுதியிருப்போம்: குளோரோஃபார்ம் சேர்த்தோம், குலுக்கினோம், மேலடுக்கை எடுத்தோம் என்று. அதெல்லாம் "தயாரிப்பாளர் முறைப்படி" என்பதில் அடங்கிவிடும். ஆனால் அந்த முறையிலிருந்து எங்கே விலகினோமோ, அது கட்டுரைக்குள் இருந்தே ஆக வேண்டும். மாவுச்சத்து மிகுந்த நெல்மணியில் ஆர்.என்.ஏ.வோடு சர்க்கரைப் பொருள்களும் சேர்ந்து படியும். அதைத் தவிர்க்க, ஒரு மி.லி. ட்ரைசாலுக்குக் கால் மி.லி. ஐசோபுரோபனாலும் கால் மி.லி. அதிக உப்புக் கரைசலும் (0.8 மோலார் சோடியம் சிட்ரேட், 1.2 மோலார் சோடியம் குளோரைடு) சேர்த்தோம். இந்த ஒரு வரி போனால் முழுச் செய்முறையும் போன மாதிரிதான்.

சில இடங்களில் சுருக்கமே துல்லியத்தையும் கூட்டும். "10,000 ஆர்.பி.எம்." என்று எழுதினால் மையவிலக்கு இயந்திரத்து ரோட்டரின் ஆரத்தையும் சொல்ல வேண்டும். 8 செ.மீ. ஆரத்தில் அது ஏறக்குறைய 8,900 × g, 6 செ.மீ. ஆரத்தில் 6,700 × g மட்டுமே. நேராக × g மதிப்பைக் கொடுத்தால் இயந்திரத்தின் பெயரும் ரோட்டரின் எண்ணும் தேவைப்படாது.

இனி வழிகளுக்கு வருவோம். "முன்பு விவரித்தபடி" என்பது சொற்கணக்கில் மிக மலிவு, நம்பகத்தில் மிக மோசம். சுட்டிய கட்டுரை இன்னொன்றைச் சுட்டும், அது மற்றொன்றை. கடைசியில் கிடைப்பதில் வேறு கிட், வேறு திசு. புற்றுநோய் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த திட்டம் ஒன்றின் முடிவுகள் 2021-இல் ஈலைஃப் இதழில் வந்தன. திட்டமிட்ட 193 சோதனைகளில் ஒன்றுக்குக்கூட, மூலக் கட்டுரையை மட்டும் வைத்து முழுச் செய்முறையை எழுத முடியவில்லை.

துணைக் கோப்பு பரவாயில்லை. மதிப்பாய்வாளர் கண்ணில் படும், கட்டுரையோடு கூடவே இருக்கும். பிரைமர் வரிசை, ஒவ்வொன்றின் பெருக்கத் திறன் போன்ற அட்டவணைகளை நாங்களும் அங்கேதான் வைத்தோம்.

ஆனால் படிப்படியான செய்முறைக்கு அது ஒத்துவராது. காரணம், வெளியான பிறகு நடப்பவை. கிட் விற்பனையிலிருந்து போய்விடும். வேறு ஆய்வகத்து மாணவர் ஒருவர், "டிஎன்ஏஸ் சேர்த்தது கழுவுவதற்கு முன்பா, பின்பா?" என்று கேட்பார். துணைக் கோப்பில் ஒரு வரி சேர்க்க இதழின் திருத்த நடைமுறைக்குள் போக வேண்டும், அதற்கு யாரும் மெனக்கெடுவதில்லை. பதில் மின்னஞ்சலோடு போய்விடும், அடுத்தவர் மறுபடி கேட்பார். protocols.io-வில் அந்த வரியைச் சேர்த்து இரண்டாம் பதிப்பாக வெளியிட்டால் போதும். பழைய பதிப்பும் அதன் டி.ஓ.ஐ.யும் அப்படியே இருக்கும். கட்டுரை சுட்டுவது நாங்கள் உண்மையில் செய்த முதல் பதிப்பை, இன்று செய்ய வருபவர் பார்ப்பது புதியதை. பொதுவில் வெளியிடக் கட்டணமும் இல்லை.

குறையும் உண்டு. அங்கே ஏற்றுவதை யாரும் மதிப்பாய்வு செய்வதில்லை. அதனால் முடிவைப் பாதிக்கும் எதையும் அங்கே மட்டும் வைக்கக் கூடாது. மாதிரிகளின் எண்ணிக்கை, ஒப்பீட்டு மரபணுக்கள், அவற்றைத் தேர்ந்த விதம், கணக்கிட்ட முறை எல்லாவற்றையும் 400 சொல்லுக்குள்ளேயே வைத்தோம். பைப்பெட்டை எப்போது பிடிப்பது என்பது மட்டுமே வெளியே போனது. இது மேசைமேல் செய்யும் வேலைக்குச் சரி. களக் கணக்கெடுப்புக்கும் இது பொருந்துமா என்று அனுபவத்தில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

இன்னொன்று: டி.ஓ.ஐ. எண்ணை முன்கூட்டியே ஒதுக்கி வாங்கிக் கட்டுரையில் போடலாம். ஆனால் செய்முறையை வெளியிடும்வரை அந்த இணைப்பு திறக்காது. அச்சுப்படி திருத்த வரும் அன்றைக்கே உள்ளே போய் வெளியிட்டுவிடுங்கள், அப்புறம் இணைப்பை வேறு ஒருவர் கணினியில் திறந்து பாருங்கள்.