கையிலிருக்கும் சம்பளச் சீட்டும் புது ஆஃபர் கடிதமும்

தம்பிக்கு 7,20,000 ரூபாய் சிடிசி, அதாவது நிறுவனம் அவனுக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, என்று ஆஃபர் வந்தது. மாதம் 60,000 என்று கணக்குப் போட்டுவிட்டான். இப்போதைய மொத்தச் சம்பளம் 48,000தான். ஆனால் சம்பளச் சீட்டு மாதக் கணக்கு, ஆஃபர் கடிதம் வருடக் கணக்கு. அதோடு, நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கு சீட்டின் மொத்தத்தில் இல்லை, சிடிசிக்குள் இருக்கிறது.

அதனால் முதலில் கடிதத்தின் இணைப்புப் பக்கத்திலிருந்து, மாதாமாதம் கைக்கு வராதவற்றைத் தனியே எடுத்தோம். நிறுவனத்தின் பிஎஃப் 43,200, கிராஜுவிட்டி 17,316, காப்பீடு 12,000, வேரியபிள் பே 72,000. மீதி 5,75,484. அப்புறம் 12-ஆல் வகுத்தோம்.

| மாதம் | இப்போது | ஆஃபர் |
|---|---|---|
| பேசிக் | 25,000 | 30,000 |
| வீட்டு வாடகைப் படி, மற்ற படிகள் | 23,000 | 17,957 |
| மொத்தம் | 48,000 | 47,957 |
| பிஎஃப் பிடித்தம் | 1,800 | 3,600 |
| கையில் | 46,200 | 44,357 |

வரிப் பிடித்தங்களை இதில் சேர்க்கவில்லை.

பிஎஃப் வரிசைதான் முக்கியம். பழைய இடத்தில் 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு 12 சதவீதம் பிடிக்கிறார்கள். புது இடத்தில் முழு பேசிக்குக்கும். இரு பங்கும் சேர்த்தால் மாதம் 3,600 கூடுதலாகச் சேமிப்பில் சேரும், அது நட்டமில்லை. ஆனால் வீட்டுக் கடன் தவணை கட்டுபவனுக்குக் கையில் 1,843 குறைவது உறுத்தும்.

வேரியபிள் பேயை நான் மாதக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். கடிதத்தில் "செயல்திறனைப் பொறுத்து" என்றிருந்தது. போன வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று எச்ஆரிடம் மின்னஞ்சலில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.