டெண்டர் அறிவிப்புக்கு எந்தத் தமிழ்?

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துச் சின்ன கான்ட்ராக்டர்களுக்கு டெண்டர் அறிவிப்புகளைத் தமிழில் எழுதித் தருகிறேன். ஆட்சித்தமிழில் எழுதுவதா, அவர்கள் பேசுகிற தமிழில் எழுதுவதா? 20 லட்ச ரூபாய் வடிகால் வேலை ஒன்றின் அபராத விதியை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன்.

ஆட்சித்தமிழில்: "தாமதமாகும் ஒவ்வொரு வாரத்திற்கும் அல்லது அதன் பகுதிக்கும் ஒப்பந்த மதிப்பில் 0.5 விழுக்காடு வீதம், 10 விழுக்காட்டிற்கு மிகாமல், தண்டத்தொகை விதிக்கப்படும்."

பிழை எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்துப் பார்த்த கான்ட்ராக்டர் ஒருவர் "அதன் பகுதிக்கும்" என்ற இடத்தில் பென்சிலை வைத்து, "அப்போ தம்பி, ஒரு நாள் லேட்டானா ஒரு நாள் காசுதானே புடிப்பாங்க?" என்று கேட்டார். அப்படி இல்லை. ஒரு நாள் கூடினாலும் முழு வாரம்தான். எட்டு நாள் தாமதம் என்றால் இரண்டு வாரம், அபராதம் 20,000 ரூபாய். அவர் மனக்கணக்கில் பதினோராயிரத்துச் சொச்சம்.

பேச்சுத் தமிழில்: "வேலை லேட்டானா வாரத்துக்கு அரை பர்சென்ட் ஃபைன், பத்து பர்சென்ட் வரைக்கும்." கேட்டவுடன் புரிகிறது. எதில் அரை பர்சென்ட் என்பது மட்டும் காணாமல் போய்விட்டது. மீதி பில்லில்தான் பிடிப்பார்கள் என்று ஒருவர் நினைக்கலாம்; விதி சொல்வது மொத்த ஒப்பந்தத் தொகையை. வைப்புத் தொகையில் பேச்சுத் தமிழ் இன்னும் சறுக்குகிறது. டெண்டர் போடும்போது கட்டுவது முன்வைப்புத் தொகை. வேலை கிடைத்த பிறகு கட்டுவது பிணைத் தொகை. பேச்சில் இரண்டுமே "டெபாசிட்". எந்தத் தவறுக்கு எந்தப் பணம் போகும் என்பது அந்த ஒரே சொல்லில் கலந்துவிடும்.

தகுதி விதியில் சறுக்குவது ஆட்சித்தமிழ். டெண்டர் மதிப்பீட்டில் குறைந்தது 40 விழுக்காடு மதிப்புள்ள மூன்று வேலை, அல்லது 50 விழுக்காடு மதிப்பில் இரண்டு, அல்லது 80 விழுக்காடு மதிப்பில் ஒன்று முடித்திருக்க வேண்டும் என்பது விதி. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கி, கடைசியில் "ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று" என்று முடித்தால், அந்தக் கடைசிச் சொல்லை எட்டும் முன்பே பலர் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். 16 லட்சத்தில் ஒரே வேலை முடித்தவருக்கும் தகுதி உண்டு என்பது அவருக்குத் தெரியாமலே போகிறது.

அதனால் நான் பணத்தின் பெயர்களை மட்டும் ஆட்சித்தமிழிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். வாக்கியத்தை உடைத்து, கணக்கை ரூபாயில் போடுகிறேன்:

"ஒரு வாரம் தாமதத்துக்கு 10,000 ரூபாய் அபராதம். ஒரு நாள் தாமதமும் ஒரு வாரமாகவே கணக்காகும். மொத்த அபராதம் 2 லட்சத்தைத் தாண்டாது."

நீளம் கூடுகிறது, பரவாயில்லை. டெண்டர் போடுவதற்கான கடைசி நேரத்தையும் அப்படியே, "15-ஆம் தேதி பிற்பகல் 3:00, இணையதளத்தின் கடிகாரப்படி" என்று எழுதுகிறேன். அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆங்கில மூலத்தின் விதி எண். தகராறு வந்தால் அந்த அறிவிப்பில் செல்லுபடியாவது ஆங்கிலம்தான்; எந்த விதியை எடுத்துக் காட்டுவது என்று கான்ட்ராக்டர் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.