கேட்காமல் வந்த ஆறு இலக்க எண்

நீங்கள் எங்கும் உள்நுழையாத நேரத்தில் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் வந்தால், தவறி வந்த செய்தி என்று அழித்துவிடாதீர்கள். கடவுச்சொல் சரியாக இருந்தால் மட்டுமே எண்ணை அனுப்பும் கணக்காக அது இருந்தால், உங்கள் கடவுச்சொல் ஏற்கெனவே வேறு யாரிடமோ போய்விட்டது. என் அக்காவுக்கு நடந்தது இதுதான். அவருடைய மின்னஞ்சல் தப்பியதற்கு ஒரே காரணம், அதில் கடவுச்சொல்லுக்குப் பிறகு இப்படி ஓர் எண்ணையும் கேட்கும் இருபடி உள்நுழைவு போட்டிருந்தது.

கடவுச்சொல் கசிந்த இடம் மின்னஞ்சல் நிறுவனம் அல்ல, அக்கா எப்போதோ பொருள் வாங்கிய ஓர் இணையக் கடை. அங்கும் மின்னஞ்சலுக்கும் அவர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தார். திருடர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். ஓரிடத்தில் கிடைத்த மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் அப்படியே மற்ற தளங்களில் போட்டுப் பார்க்கிறார்கள். அதை ஆள் உட்கார்ந்து செய்வதில்லை, நிரல் செய்கிறது.

அந்தக் கடை எவ்வளவு அலட்சியமாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அங்கே அழுத்திப் பார்த்தோம். புதிதாக அமைக்க இணைப்பு வரவில்லை. பழைய கடவுச்சொல்லே எழுத்துக்கு எழுத்து மின்னஞ்சலில் வந்து நின்றது. ஒழுங்காகக் கட்டப்பட்ட தளத்தால் இதைச் செய்யவே முடியாது. அது கடவுச்சொல்லைத் திரும்பப் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றித்தான் சேமிக்கும். உங்களுக்கே திருப்பி அனுப்ப முடிகிறது என்றால், அதன் தரவுத்தளத்தில் நுழையும் எவருக்கும் படிக்கக் கிடைக்கும். கடைக்குப் புகார் எழுதினோம். "உங்கள் தகவல்கள் பாதுகாப்பாக உள்ளன" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

குறுஞ்செய்தியில் அந்த எண் வந்த சிறிது நேரத்திலேயே தொலைபேசி ஒலித்தது. பேசியவன் மின்னஞ்சல் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு என்றான். அக்காவின் பெயரையும் முகவரியையும் பிசகில்லாமல் சொன்னான். இரண்டுமே கடையின் பதிவில் இருந்தவை. "உங்கள் கணக்கில் யாரோ நுழையப் பார்க்கிறார்கள் அம்மா, தடுக்க வேண்டுமானால் இப்போது வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்றான். குறுஞ்செய்தியிலேயே எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருந்ததால் அக்கா இணைப்பைத் துண்டித்தார். நுழையப் பார்த்தவனே அவன்தான். கடவுச்சொல்லைப் போட்டுவிட்டு, அடுத்த கட்டம் தாண்ட முடியாமல் அதற்காகத்தான் அழைத்திருந்தான்.

கடவுச்சொல் உடனே மாற்றப்பட்டது. அதோடு, குறுஞ்செய்திக்குப் பதிலாக, எண்ணைப் போனிலேயே உருவாக்கித் தரும் அங்கீகரிப்புச் செயலியை அமைத்துக் கொடுத்தேன். உங்கள் தொலைபேசி எண்ணுக்கு வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால் குறுஞ்செய்தி அவருக்குப் போய்விடும், செயலியின் எண் போகாது. அமைப்புகளில் `2-Step Verification` அல்லது `Two-factor authentication` என்று இருக்கும் இடத்தில் இதைச் செய்யலாம். திரையில் வரும் க்யூஆர் குறியீட்டுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. செயலி அதைப் படித்ததும் சாவி இரண்டு இடங்களில் இருக்கும்: உங்கள் போனிலும், மின்னஞ்சல் நிறுவனத்திடமும். அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு இரு பக்கமும் ஒரே எண்ணைப் பெறுகின்றன. பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும். போனில் இணையம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், கடிகாரம் சரியாக இருந்தால் போதும். கடையின் தரவுத்தளம் முழுவதும் திருடு போனாலும் இந்தச் சாவி அதில் இருக்காது.

ஆனாலும் ஓர் ஓட்டை உண்டு. உண்மையான தளத்தைப் போலவே போலிப் பக்கம் அமைத்து, நீங்கள் அதில் தட்டும் கடவுச்சொல்லையும் எண்ணையும் அந்தச் சில நொடிகளுக்குள்ளேயே உண்மையான தளத்தில் போட்டுவிடுகிறார்கள். செயலியால் இதைத் தடுக்க முடியாது. குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ வந்த இணைப்பு வழியாக உள்நுழையாதீர்கள், முகவரியை நீங்களே தட்டுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக விரல்ரேகையாலோ போனின் திரைப்பூட்டாலோ உள்நுழைய வைக்கும் பாஸ்கீ வசதி உங்கள் கணக்கில் இருந்தால் அதற்கு மாறிவிடுவது இன்னும் நல்லது. பாஸ்கீ எந்தத் தளத்துக்காக உருவானதோ அந்த முகவரியில் மட்டுமே இயங்கும், போலிப் பக்கத்தில் இயங்காது.

இருபடி உள்நுழைவை அமைக்கும்போது பல தளங்கள் செயலியின் எண்ணுக்குப் பதிலாகப் போடக்கூடிய மாற்று எண்களும் தருகின்றன. கூகுள் கணக்கில் பத்து எண்கள் கிடைக்கும், ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். போன் தொலைந்தால் கணக்குக்குள் போக அவை கைகொடுக்கும் என்பதால் அவற்றைத் திரைப்பிடிப்பாக அதே போனில் வைக்காமல் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அக்கா அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். கடைக் கணக்கை நீக்கச் சொல்லி அவர் அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.