ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டெல்டா ஹெட்ஜ் செய்து தருகிறோம் என்பவர்களிடம் கவனமாக இருங்கள்

நிஃப்டி ஆப்ஷன் விற்பவர்களுக்கு இப்போது ஒரு சேவை பரவலாக விற்கப்படுகிறது. நீங்கள் ஒரே ஸ்ட்ரைக்கில் கால், புட் இரண்டும் சேர்ந்த ஸ்ட்ராடில் விற்றால் போதும், சந்தை ஒரு புள்ளி நகர்ந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு மாறும் என்று சொல்லும் டெல்டாவை மென்பொருளே ஃபியூச்சர்ஸ் வைத்துச் சரிசெய்துகொண்டே இருக்கும் என்கிறார்கள். 2025-இல் ஒரு புரோக்கரின் முகவர் மூலம் இதை எடுத்தேன். பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. நடந்ததையும் கணக்கையும் மட்டும் சொல்கிறேன்.

அவர் சொன்னது இதுதான்: "சார், எவ்வளவு அடிக்கடி சரி பண்றோமோ அவ்வளவு ரிஸ்க் கம்மி. நாங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை பண்றோம்." இதில் பாதி உண்மை. அந்த உண்மைக்கு என்ன விலை என்பதை அவர் சொல்லவில்லை. புரோக்கரேஜில் அவருக்குப் பங்கு உண்டு என்பதையும் சொல்லவில்லை.

சந்தை நகர நகர ஆப்ஷனின் டெல்டா மாறும். அதை ஈடுகட்ட ஃபியூச்சர்ஸ் வாங்குகிறோம், விற்கிறோம். இரண்டு சரிசெய்தலுக்கு நடுவே சந்தை நகர்ந்தால் ஹெட்ஜ் பிசகும், அதுதான் ஹெட்ஜ் பிழை. இந்தப் பிழை, சரிசெய்யும் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது. அதாவது நான்கு மடங்கு அடிக்கடி செய்தால் பிழை பாதியாகும். செலவும் அதே வர்க்கமூலக் கணக்கில்தான் போகும், ஆனால் ஏறுமுகமாக. நான்கு மடங்கு அடிக்கடி செய்தால் செலவு இரண்டு மடங்கு. முதல் சில சரிசெய்தல்கள் பிழையைப் பெரிதாக வெட்டும். அதற்கு மேல் போகப்போக மிச்சமாகும் ரிஸ்க் சொற்பம், ஆனால் கட்டணம் நிற்காமல் கூடும்.

என் நிலையை வைத்தே பார்ப்போம். நிஃப்டி சுமார் 24,000. ஆப்ஷன் காலாவதியாகும் முடிவு நாளுக்கு 10 வர்த்தக நாட்கள் இருக்க, 20 லாட் ஸ்ட்ராடில் விற்றது. அப்போது ஒரு லாட் 75. ஏற்ற இறக்கத்தை ஆண்டுக்கு 13% என்று எடுத்தால் பிரீமியம் சுமார் 500 புள்ளி, மொத்தம் ஏழரை லட்சம் ரூபாய்.

தற்போதைய விலைக்கு ஒட்டிய ஆப்ஷனுக்கு ஒரு எளிய தோராயம் உண்டு. பிரீமியத்தை 0.89-ஆல் பெருக்கி, சரிசெய்யும் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஹெட்ஜ் பிழையின் திட்ட விலக்கம் வரும். தினம் ஒருமுறை, ஆக 10 முறை செய்தால் சுமார் 2.1 லட்சம். தினம் நான்கு முறை என்றால் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 75, மொத்தம் 750 முறை. பிழை 24,000 அளவுக்கு இறங்கிவிடும். இந்தக் கடைசி எண்ணைத்தான் அவர்கள் காட்டினார்கள்.

செலவைப் பாருங்கள். ஒரு லாட் ஃபியூச்சர்ஸின் மதிப்பு 18 லட்சம். 2024 அக்டோபர் முதல் அப்போது விற்பனைக்கு 0.02% எஸ்.டி.டி. வரி இருந்தது, அதாவது ஒவ்வொரு லாட் விற்கும்போதும் 360 ரூபாய். அந்த முகவரின் திட்டத்தில் லாட்டுக்கு 100 ரூபாய் புரோக்கரேஜ். எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜி.எஸ்.டி, வாங்கும்போது முத்திரைத் தீர்வை எல்லாம் சேர்த்து, வாங்கல் விற்றலின் சராசரி லாட்டுக்கு 355 ரூபாய். அரைப் புள்ளி ஸ்லிப்பேஜ் சேர்த்தால் 390-ஐத் தொடும்.

எத்தனை லாட் கைமாறும்? இந்த நிலைக்குச் சராசரியாக, தினம் ஒருமுறை என்றால் 40 லாட், நான்கு முறை என்றால் 80, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 350. ரூபாயில் முறையே சுமார் 16,000, 32,000, 1.37 லட்சம்.

நமக்கு இதில் லாபம் எங்கிருந்து வருகிறது? விற்ற ஏற்ற இறக்கத்தைவிட நிஜ ஏற்ற இறக்கம் குறைவாக இருந்தால்தான் லாபம். ஒரு சதவீதப் புள்ளி வித்தியாசத்துக்குச் சுமார் 57,000 ரூபாய். இரண்டு புள்ளி சாதகமாக அமைந்தாலும் 1.15 லட்சம்தான். அதற்கு மேல் ஹெட்ஜ் செலவே போய்விட்டால் மிச்சம் என்ன? அந்த முடிவு நாள் வரை வந்த காண்ட்ராக்ட் நோட்டுகளைக் கூட்டிப் பார்த்தால், ஃபியூச்சர்ஸ் கட்டணங்கள் மட்டும் 1.2 லட்சத்தை ஒட்டி. ஸ்ட்ராடில் சம்பாதித்ததை அது முழுக்கத் தின்றுவிட்டது.

இன்னொரு விஷயம் காண்ட்ராக்ட் நோட்டைத் தேதிவாரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த மென்பொருள் டெல்டாவை அருகிலுள்ள முழு லாட்டுக்கு முழுமையாக்குகிறது. டெல்டா இரண்டரை லாட் பக்கத்தில் நின்றால், சந்தை சில புள்ளி ஏறினால் ஒரு லாட் வாங்கும், இறங்கினால் அதையே விற்கும். 11:05-க்கு வாங்கி 11:10-க்கு விற்று 11:15-க்கு மறுபடி வாங்கியதெல்லாம் உண்டு. இதனால் ரிஸ்க் ஏறக்குறைய எதுவும் குறைவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் 700 ரூபாய்க்கு மேல் போகிறது. உங்கள் நோட்டிலும் ஒரே லாட் ஒரே விலை அருகே வாங்கி விற்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இதே கோளாறுதான்.

இதற்குச் சரியான வழி நேரத்தைப் பார்க்காமல் டெல்டாவைப் பார்ப்பது. ஒரு வரம்பு வைத்து, அதைத் தாண்டும்போது மட்டும் சரிசெய்ய வேண்டும். என் நிலையில் சந்தை 39 புள்ளி நகர்ந்தால் ஒரு லாட் டெல்டா மாறும். இரண்டு லாட் வரம்பு என்றால் சுமார் 78 புள்ளி வரை சும்மா இருக்கலாம். தாண்டினால் டெல்டாவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்தால் போதும். செலவு வர்த்தக மதிப்பின் சதவீதமாக இருக்கும்போது அதுவே மலிவு. எஸ்.டி.டி. அப்படிப்பட்டதுதான்.

முடிவு நாள் நெருங்கினால் காமா, அதாவது டெல்டா மாறும் வேகம், ஏறும். ஒரு நாள் மிச்சமிருக்கும்போது விலை ஸ்ட்ரைக் பக்கத்தில் இருந்தால் 12 புள்ளிக்கே ஒரு லாட் மாறும். அப்போது அதே இரண்டு லாட் வரம்பு ஓயாமல் ஆர்டர் போடும். சரியான வரம்பு காமாவின் மூன்றில் இரண்டு அடுக்கைப் பின்பற்றும் என்று கணக்கு சொல்கிறது, அதாவது இங்கே நான்கு லாட் அளவுக்கு விரிக்க வேண்டும். அந்த மென்பொருளில் இதற்கான அமைப்பே கிடையாது. கேட்டதற்கு, "அது தேவையில்லை சார்" என்றார்கள்.

அப்புறம், அடிக்கடி சரிசெய்வது பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றும் என்றும் நம்பாதீர்கள். 2025 ஏப்ரல் 7 காலை நிஃப்டி முந்தைய முடிவைவிட 1,100 புள்ளிக்கு மேல் கீழே திறந்தது. அன்று 9:15-க்கு முன்னால் எந்த மென்பொருளும் ஹெட்ஜ் செய்திருக்க முடியாது. ஸ்ட்ராடிலை அப்படியே விற்றவரைக் காப்பது தூரத்து ஸ்ட்ரைக்கில் வாங்கி வைத்த ஆப்ஷன்தான்.

அவர்கள் காட்டிய பேக்டெஸ்ட்டில் என்னென்ன கழித்திருக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டேன். புரோக்கரேஜ் மட்டும், அதுவும் ஆர்டருக்கு 20 ரூபாய் என்று பதில் வந்தது. எஸ்.டி.டி. இல்லை, ஸ்லிப்பேஜ் இல்லை, எனக்கு விதித்த 100 ரூபாயும் இல்லை. அந்தப் பதிலையும் காண்ட்ராக்ட் நோட்டுகளையும் இணைத்து புரோக்கரிடம் புகார் கொடுத்தேன். "கட்டண விகிதத்தில் நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்" என்று முடித்துவிட்டார்கள். இப்போது அது செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் இருக்கிறது. இந்தச் சேவையில் ஏற்கனவே இருப்பவர்கள் முதலில் நேர இடைவெளி ஹெட்ஜை நிறுத்திவிட்டு, கடந்த முடிவு நாளின் ஃபியூச்சர்ஸ் கட்டணத்தைத் தனியே கூட்டி, விற்றதற்குக் கைக்கு வந்த பிரீமியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாகச் சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன்பே எல்லாக் கட்டணமும் கழித்த பேக்டெஸ்ட்டையும், எத்தனை லாட் கைமாறும் என்ற எண்ணையும் மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள்.