அம்மா தனியாக இருந்த 2 ஆண்டும், எங்களோடு இருக்கும் 3 ஆண்டும்

அப்பா போன பிறகு அம்மா மன்னார்குடி வீட்டில் 2 ஆண்டு தனியாக இருந்தார். இப்போது 3 ஆண்டாகச் சென்னையில் எங்களோடு. இரண்டையும் பார்த்துவிட்டதால் சொல்கிறேன், என் ஓட்டு சேர்ந்து இருப்பதற்குத்தான். ஆனால் பாசம், பேரப்பிள்ளை என்று வழக்கமாகச் சொல்லும் காரணங்களுக்காக இல்லை.

மனசு என்று பார்த்தால் ஊர் வீடுதான் ஜெயிக்கும். அங்கே வாசலில் உட்கார்ந்தால் தெருவே வந்து பேசிவிட்டுப் போகும், சாயங்காலம் ராஜகோபாலசுவாமி கோயில், அடுப்படியில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதில் யாரும் தலையிட முடியாது. இங்கே மூன்றாவது மாடி. நாங்கள் இரண்டு பேரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் பையன் பள்ளி விட்டு வரும்வரை அம்மா தனிதான். பணத்திலும் பெரிய லாபம் இல்லை. ஊரில் வேலைக்கு வந்த பெண்ணுக்குக் கொடுத்த 2,500 மிச்சம், அம்மாவுக்கு ஒரு அறை வேண்டுமென்று வீடு மாறியதில் வாடகை 7,000 கூடுதல். குடும்ப ஓய்வூதியம் அவர் கணக்கில், அட்டை அவர் கையில், ஊர் வீட்டையும் விற்கவில்லை. இதில் மட்டும் ஆரம்பத்திலேயே கறாராக இருந்தோம்.

சரி, அப்புறம் எதற்கு அழைத்து வந்தோம்? ராத்திரிச் சாப்பாட்டுக்காக.

ஒரு ஆளுக்கு யார் சமைப்பார்கள்? மதியம் கொஞ்சம் சோறு, ராத்திரி ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு பிஸ்கட், முடிந்தது. நான் தினமும் எட்டு மணிக்குப் போன் செய்து "சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்பேன், "ஆச்சுப்பா" என்பார். மாத்திரையை மட்டும் ஒரு வேளை விட மாட்டார். சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு காலையும் இரவும். அது சாப்பாடு உள்ளே போனதா இல்லையா என்று பார்ப்பதில்லை, கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். மெட்பார்மின் மட்டும் என்றால் இந்த அளவு பயமில்லை.

ஒருநாள் விடிகாலை பால்காரர் மணியடித்தும் கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருந்தது. உள்ளே போனால் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், புடவையெல்லாம் வியர்வை, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். அக்கா வீட்டிலும் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்ததால் உடனே குத்திப் பார்த்தார். 46. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. விழுங்க முடிந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். (நினைவே இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே 108.) தெளிந்துவிட்டாரே என்று வீட்டுக்கு அனுப்பாமல் ஒருநாள் வைத்துக்கொண்டார்கள். அந்த மாத்திரை உடம்பில் நெடுநேரம் நிற்கும், சர்க்கரை ஏறின பிறகும் மறுபடி இறங்கலாம்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் அம்மாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c 6.1 என்று வந்தபோது, குடும்பத்தில் எல்லோருக்கும் பெருமை. எழுபத்து நான்கு வயதில், இந்த மாத்திரை போட்டுக்கொண்டு 6.1 என்றால் அது பாராட்டு இல்லை, எச்சரிக்கை என்று டாக்டர் சொன்னார். அந்த வயதில் 8க்குள் இருந்தாலே பலருக்குப் போதுமாம். ரத்தக்கொதிப்புக்குப் போட்ட அட்டெனலால் மாத்திரையும் கூடச் சேர்ந்துகொண்டது. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும், வியர்வையை மட்டும் மறைக்காது.

பிறகு சமையலறையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மாத்திரை அட்டைகள் கணக்குப் பிசகாமல் காலி, அரிசி டப்பா பாதிகூட இறங்கவில்லை. முன்பே "சாப்பிட்டாச்சா" என்பதை விட்டு "என்ன குழம்பு?" என்று கேட்டிருக்கலாம். பொய் சொல்ல அம்மாவுக்கு அவ்வளவு சுலபமாக வராது.

சமையலுக்கு ஆள் வைத்துப் பார்க்கலாமே என்றார்கள், பார்த்தோம். காலையில் வந்து மதியத்துக்கும் சேர்த்துச் சமைத்து வைக்க ஆள் கிடைத்தது. ராத்திரி ஏழு மணிக்கு வந்து தோசை வார்த்து, அவர் சாப்பிடும்வரை உட்கார்ந்திருக்க யாரும் கிடைக்கவில்லை. இங்கே அதற்கு ஆளே வேண்டாம். எல்லோருக்கும் தட்டு வைக்கும்போது ஒருவர் மட்டும் சாப்பிடாமல் எழுந்துபோக முடியாது.

இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. டாக்டர் கிளிமெபிரைடை நிறுத்திவிட்டு, சர்க்கரையை அப்படி இறக்காத வேறு மாத்திரை மாற்றிவிட்டார். அப்படியானால் நான் எதற்கு இங்கே என்று அம்மாவே கேட்கிறார், பதில் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அம்மா தானே நடக்கிறார், தானே குளிக்கிறார். படுக்கையில் விழுந்தவர்களையும் நினைவு தப்புகிறவர்களையும் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

இப்போதைக்கு ஒப்பந்தம் இதுதான்: தை மாதமும் ஆடி மாதமும் மன்னார்குடியில். ராத்திரிச் சாப்பாடு பக்கத்து வீட்டு அக்காவோடு. போனில் நான் குழம்பு பெயர் கேட்பேன், அம்மா திட்டிக்கொண்டே சொல்வார்.